கேள்வியைப் பிரித்துக் கேட்டவர்கள்: அயர்லாந்தின் குடிமக்கள் மன்றம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொது விவாதம் இரண்டு முகாம்களாகப் பிளந்து கிடப்பதற்கு மருந்தாகச் சொல்லப்படும் ஒரு முறையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். குலுக்கல் முறையில் சாதாரண மக்கள் நூறு பேரைப் பொறுக்கி எடுத்து, ஒரு கடினமான கேள்வியை அவர்கள் முன் வைத்து, மாதக்கணக்கில் ஆராயச் செய்து, அவர்கள் எட்டும் முடிவை நாட்டுக்குச் சொல்வதுதான் அந்த முறை. இத்தகைய அவையைக் குடிமக்கள் மன்றம் என்றும், இதன் பின்னுள்ள சிந்தனையைக் கலந்தாய்வு மக்களாட்சி என்றும் அழைக்கிறோம். பல நாட்டு முயற்சிகளை அடுக்கிக் காட்டுவதைவிட ஒன்றை முழுமையாகப் பார்ப்பது நல்லது. அயர்லாந்து 2016-17இல் கருக்கலைப்புக் கேள்வியை ஒரு குடிமக்கள் மன்றத்திடம் ஒப்படைத்த வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த மன்றம் வெற்றி பெற்றதற்குக் குலுக்கல் மட்டும் காரணமாகாது. "ஆதரவா, எதிர்ப்பா" என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவந்த ஒரே கேள்வியை, விடை சொல்லக்கூடிய பல சிறிய கேள்விகளாகப் பிரித்தது அது. அப்படிப் பிரித்துக் கேட்கும் துணிவும் பொழுதும், மறுதேர்தலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத மனிதர்களுக்கே வாய்த்தன. அவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் குலுக்கலின் வேலை.

1. பேசினால் மட்டும் போதுமா?

மக்கள் உட்கார்ந்து பேசினாலே பிளவு ஆறிவிடும் என்று நம்புவோர் உண்டு. 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காஸ் சன்ஸ்டைன், டேவிட் ஷ்கேட், ரீட் ஹேஸ்டி ஆகிய மூவர் நடத்திய ஓர் ஆய்வு இதை மறுக்கிறது. தாராளவாதிகள் மிகுந்த போல்டர் நகரிலிருந்தும், பழமைவாதிகள் மிகுந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்தும் ஆட்களைத் திரட்டி, அந்தந்த ஊர்க்காரர்களையே சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். புவி வெப்பமடைதல், இட ஒதுக்கீடு போன்ற முன்னுரிமைத் திட்டங்கள், ஒருபாலர் இணைவு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொருவரின் கருத்தையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள்.

பேசி முடித்தபின் இரு ஊராரும் முன்னிருந்ததைவிட ஒருவருக்கொருவர் இன்னும் தள்ளிப் போயிருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் முதலில் இருந்த சிறு சிறு கருத்து வேறுபாடுகளும் தேய்ந்துபோயிருந்தன. தன் பக்கத்துக்கான வாதங்களையே மேலும் மேலும் கேட்பவர் அந்தப் பக்கத்திலேயே ஊன்றிவிடுகிறார். தன் கூட்டத்தார் முன் தயக்கம் காட்ட யாரும் விரும்புவதும் இல்லை.

ஆகவே யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தத் தகவலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், பேச்சை யார் ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பவைதான் விளைவைத் தீர்மானிக்கின்றன. குடிமக்கள் மன்றம் இந்த மூன்றையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு தொடங்குகிறது.

2. முப்பது ஆண்டு முடிச்சு

1983 செப்டம்பரில் அயர்லாந்து மக்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் தங்கள் அரசியலமைப்பில் எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். ஆதரித்தவர்கள் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர். கருவில் இருக்கும் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சமமான வாழ்வுரிமை உண்டு என்றது அந்தத் திருத்தம். அதன்பின் நாடாளுமன்றம் நினைத்தாலும் கருக்கலைப்பை விரிவாக அனுமதிக்கும் சட்டத்தைக் கொண்டுவர முடியாமல் போனது.

1992இல், வன்புணர்ச்சியால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி ஒருத்தி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து செல்வதை அரசு நீதிமன்றத்தின் மூலம் தடுத்தது. உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. தற்கொலை அபாயமும் தாயின் உயிருக்கு வரும் அபாயமே என்றது. அந்தத் தீர்ப்பை மாற்றித் தற்கொலை அபாயத்தை விலக்க 1992இலும் 2002இலும் பொது வாக்கெடுப்புகள் நடந்தன, இரண்டும் தோற்றன. 2002இல் இரு தரப்புக்கும் இடையே ஒரு விழுக்காடு வாக்குகூட வித்தியாசம் இல்லை. இதற்கிடையே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்துகொண்டிருந்தார்கள்.

2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனை ஒன்றில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து சென்ற பல் மருத்துவர் அவர். 17 வாரக் கர்ப்பம் கலைந்துகொண்டிருந்த நிலையில் கருவை அகற்றும்படி கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இருந்ததால் மறுக்கப்பட்டது. குருதியில் நச்சுத்தொற்று பரவி உயிர் போனது. அடுத்த ஆண்டு தாயின் உயிருக்கு ஆபத்தான நிலையை மட்டும் வரையறுத்து ஒரு சட்டம் வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

எந்தக் கட்சித் தலைவரும் இதைத் தொட விரும்பவில்லை. தொட்டால் இரண்டு முகாமில் ஏதோ ஒன்றின் வாக்கு போய்விடும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விவாதம் என்றால் இரு எல்லைகளிலும் நிற்கும் இயக்கத்தவர் ஆளுக்கொருவராக வந்தார்கள். இடையில் நின்று, இந்தச் சூழலில் சரி, அந்தச் சூழலில் தயக்கம் என்று நினைத்த பெரும்பான்மையினருக்கு அங்கே நாற்காலி இல்லை.

3. பானைக்குள் யார் பெயர்?

2016 ஜூலையில் நாடாளுமன்றத் தீர்மானத்தின்படி மன்றம் உருவானது. உறுப்பினர்கள் 99 பேர். தலைவராக உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபாய் அமர்ந்தார். இதற்கு முன் 2012-14இல் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் குடிமக்கள் 66 பேரோடு அரசியல்வாதிகள் 33 பேரும் இருந்தார்கள். இந்த முறை அரசியல்வாதி ஒருவரும் இல்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பணி ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்திடம் போனது. வயது, பாலினம், வட்டாரம், சமூக வர்க்கம் ஆகிய நான்கிலும் நாட்டின் மக்கள்தொகை எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதம் 99 பேருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனத்தின் ஆட்கள் தேர்ந்தெடுத்த பகுதிகளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். விவாதத்துக்கு வரும் பொருளில் ஏற்கெனவே இயக்கம் நடத்துபவர்களைச் சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டு அவையில் குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டுகள் கழியாமல் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தனை நுட்பமான விதிகளை வகுத்தது வியக்கத்தக்கது. அதே கல்வெட்டுதான் குடத்துக்குள் பெயர் போக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது ஒரு பிரமதேயத்தின் சபை. நிலத்தில் உழைத்தவர்களும் பெண்களும் அந்தக் குடத்தில் இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், உள்ளே இல்லாத ஓலை வெளியே வராது.

இந்தக் காலத்தில் நிலமும் வேதமும் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் வேறு வகையில் அதே விலக்கல் நடக்கிறது. அழைப்பு வந்தவர்களில் "வருகிறேன்" என்று சொல்பவர்கள் சிறுபான்மையினர்தான். அவர்களிலும் படித்தவர்கள், வசதியானவர்கள், பொது விஷயத்தில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் அதிகம். சனிக்கிழமை வேலைக்குப் போயாக வேண்டியவரும், கைக்குழந்தை வைத்திருப்பவரும் ஒதுங்கிக்கொள்வார்கள். விகித ஒதுக்கீடு இதை ஓரளவு சரிசெய்யும். மீதியைப் பணம்தான் சரிசெய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டு மன்றத்தில் பயணமும் தங்குமிடமும் கிடைத்தன, மதிப்பூதியம் கிடையாது. இடையில் பலர் விலகினார்கள், மாற்று ஆட்கள் வந்தார்கள். சில கவுண்டிகளிலிருந்து ஒருவர்கூட இல்லை என்ற குறையும் எழுந்தது.

மாற்று ஆட்களைச் சேர்த்ததில் ஒரு முறைகேடும் வெளிப்பட்டது. மன்றம் வேறு பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த 2018 தொடக்கத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஏழு பேரை, வீடு வீடாகப் போகாமல், ஓர் ஊழியர் தமக்குத் தெரிந்தவர்கள் வழியாகத் தொலைபேசியிலேயே பிடித்திருந்தார். ஏழு பேரும் நீக்கப்பட்டார்கள், விவரத்தை மன்றமே வெளியிட்டது. கருக்கலைப்பு பற்றிய வாக்கெடுப்பு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டதால் அதற்குப் பாதிப்பில்லை. ஆனாலும் கதவைத் தட்டும் ஓர் ஊழியரின் நேர்மையை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பது தெரிந்தது. அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டு மன்றங்களுக்குக் குலுக்கலில் எடுத்த ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு அஞ்சலில் அழைப்பு அனுப்பினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களுக்குள் விகிதம் பார்த்து இரண்டாவது முறை தேர்ந்தெடுத்தார்கள். இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுவது இந்த இரண்டு கட்ட முறைதான்.

4. மேசையில் நடந்தது

2016 நவம்பர் முதல் 2017 ஏப்ரல் வரை ஐந்து வார இறுதிகள் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்பட்டன. டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் என்ற கடலோர ஊரில் ஒரு ஹோட்டலின் மண்டபத்தில் கூடினார்கள். வட்ட மேசைகள், மேசைக்கு ஏழெட்டுப் பேர். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நெறியாளர், குறிப்பெடுக்க இன்னொருவர்.

முதலில் ஒரு மகப்பேறு மருத்துவரோ அரசியலமைப்பு வழக்கறிஞரோ எழுந்து பேசுவார். அவருடைய கட்டுரை முன்பே உறுப்பினர்களின் கையில் இருக்கும். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் உடனே தொடங்காது. மேசையில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்வார்கள். அதிகம் பேசுபவரை மெல்ல நிறுத்துவதும், வாய் திறக்காதவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதும் நெறியாளரின் வேலை. கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. அதன்பின் மேசையின் கேள்விகள் பொது அவைக்கு வரும்.

வல்லுநர்களின் பேச்சும் பொது அவைக் கேள்வி பதிலும் இணையத்தில் நேரலையாகப் போயின. மேசைப் பேச்சு போகவில்லை. இந்தப் பாகுபாடு மிக முக்கியமானது. உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட தகவலை நாட்டு மக்கள் எல்லோரும் பார்த்துச் சோதிக்கலாம்; யாராவது பொய் சொன்னால் மறுநாளே வெளிவந்துவிடும். மேசையிலோ, "எனக்கு இது புரியவில்லை" என்றும், "நான் போன மாதம் நினைத்தது சரியா என்று தெரியவில்லை" என்றும் ஒருவர் சொல்ல முடிந்தது. ஒளிபரப்பாகும் மேடையில் மனிதர்கள் தடுமாற்றத்தைக் காட்ட மாட்டார்கள்.

ஒரு வார இறுதியில், இந்தக் கேள்வியை வாழ்ந்து பார்த்த ஆறு பெண்களின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவாகக் கேட்டார்கள். கருக்கலைப்புச் செய்துகொண்டவர்களும் அதில் இருந்தார்கள், கருவைத் தொடர முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள். பெயரும் முகமும் தெரியாமல் குரல் மட்டும் வந்தது. அதே வார இறுதியில் இரு தரப்பையும் சேர்ந்த 17 அமைப்புகள் தங்கள் வாதத்தை முன்வைத்தன. பொதுமக்களிடமிருந்து பதின்மூவாயிரம் அளவுக்கு மனுக்கள் வந்து குவிந்தன. அழைக்கப்பட்ட வல்லுநர்களில் தங்கள் தரப்பார் குறைவு என்று கருக்கலைப்பை எதிர்த்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். எந்த மன்றத்திலும் எழக்கூடிய நியாயமான கேள்வி இது. வல்லுநர் பட்டியலை உறுப்பினர்கள் போடுவதில்லை. அதைப் போடுபவரின் கையில் பெரிய அதிகாரம் இருக்கிறது.

5. வாக்குச்சீட்டு

2017 ஏப்ரல் 22, 23 தேதிகளில் மன்றம் வாக்களித்தது. நான்கு கட்டங்கள், எல்லாம் இரகசிய வாக்கு. முதல் கட்டத்தில், எட்டாவது திருத்தம் இப்போதுள்ளபடியே நீடிக்கக் கூடாது என்றவர்கள் 87 விழுக்காட்டினர். அடுத்து, அதை அடியோடு நீக்குவதா, மாற்றி எழுதுவதா? மாற்றி எழுதலாம் என்றவர்கள் 56 விழுக்காட்டினர். மாற்றினால் என்ன எழுதுவது? கருக்கலைப்பு பற்றிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரலாம் என்றவர்கள் 57 விழுக்காட்டினர்.

நான்காவது கட்டத்தில்தான் நான் தொடக்கத்தில் சொன்னது நடந்தது. அந்தச் சீட்டில் 13 காரணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எப்போதும் கூடாதா, 12 வாரம் வரையா, 22 வாரம் வரையா, கால வரம்பே வேண்டாமா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தாயின் உயிருக்கு உண்மையான ஆபத்து என்றால் அனுமதிக்கலாம் என்றவர்கள் 99 விழுக்காட்டினர். வன்புணர்ச்சியால் உண்டான கரு என்றால் 89. பிழைக்கவே முடியாத குறைபாடுள்ள கரு என்றால் அதுவும் 89. குறைபாடு கடுமையானது, ஆனால் உயிர்போகும் அளவுக்கு இல்லை என்றால் 80. பொருளாதார, சமூகக் காரணங்களுக்கு 72. காரணமே கேட்க வேண்டாம் என்றவர்கள் 64.

இந்த எண்களைப் படிக்கட்டாகப் பாருங்கள். தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு முகாம்கள் மட்டுமே தெரிந்த இடத்தில், இங்கே 99லிருந்து 64 வரை இறங்கிவரும் ஒரு சரிவு தெரிகிறது. வன்புணர்ச்சிக்கு ஆளானவருக்கு அனுமதி என்று குறித்தவரே வேறொரு காரணத்துக்கு எதிரே "கூடாது" என்று குறிக்க முடிந்தது. "நீ எந்தப் பக்கம்?" என்று அந்தச் சீட்டு யாரையும் கேட்கவில்லை. பிளவைக் குறைக்க எல்லோரும் மனம் மாற வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே எங்கே உடன்படுகிறோம், எந்த இடத்தில் பிரிகிறோம் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

6. மன்றத்துக்குப் பிறகு

மன்றத்தின் முடிவு சட்டமாகாது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அதை எடுத்து ஆராய்ந்து, காரணம் கேட்காமல் அனுமதிப்பதை 12 வாரத்தோடு நிறுத்தியது. அரசு சட்ட வரைவின் சாரத்தை முன்கூட்டியே வெளியிட்டது. அதன்பிறகே 2018 மே 25 அன்று மக்கள் வாக்களித்தார்கள். ஆதரவு 66.4 விழுக்காடு. தொகுதிகளில் டோனிகால் மட்டும் எதிர்த்தது. புதிதாகச் சேர்ந்த வாசகம், கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றலாம் என்ற ஒரே வரி. மன்றம் பரிந்துரைத்த திசையும் அதுதான்.

மன்றத்தின் பரிந்துரை வெளியானபோது, நாடு இவ்வளவு தூரம் வராது என்று பலர் கருதினார்கள். வாக்கு எண்ணிக்கை அதைப் பொய்யாக்கியது. 99 பேர் நாட்டைச் சரியாக எடுத்துக்காட்டினார்கள் என்பதற்கு இதை முழு நிரூபணமாக நான் சொல்ல மாட்டேன். இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. சவிதாவின் மரணத்துக்குப் பின் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கி ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கமும் இதில் இருக்கிறது. மன்றம் செய்த தனி வேலை, வாக்கெடுப்பு வருமுன்பே "எந்தச் சூழலில், எத்தனை வாரம் வரை" என்ற மொழியைப் பொதுவிவாதத்துக்குக் கொடுத்ததுதான்.

இதே அயர்லாந்தில் இந்த முறை தோற்கவும் செய்தது. பாலினச் சமத்துவம் பற்றி 2020-21இல் கூடிய மன்றம், வீட்டில் பெண் ஆற்றும் கடமை பற்றிய பழைய பிரிவை நீக்கிவிட்டு, பராமரிப்புப் பணிக்கு அரசு நியாயமான ஆதரவு தரும் கடப்பாட்டை எழுதச் சொன்னது. அரசு மக்கள் முன் வைத்த வாசகமோ, ஆதரிக்க "முயலும்" என்று நீர்த்துப்போயிருந்தது. 2024 மார்ச் 8 அன்று அதை 73.9 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். குடும்பம் பற்றிய இன்னொரு திருத்தத்தை எதிர்த்தவர்கள் 67.7 விழுக்காட்டினர். தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மன்றம் மாதக்கணக்கில் உட்கார்ந்து எட்டிய வாசகத்தை மூடிய அறையில் மாற்றியபின், அதற்கு மன்றத்தின் பெயரைச் சொல்லி ஆதரவு கேட்க முடியாமல் போனது.

7. நாம் எதைக் கேட்க வேண்டும்?

நம்மிடம் கிராம சபை இருக்கிறது. அது ஊரார் எல்லோருக்கும் திறந்த அவை. அதன் பலமும் அதுவே. வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்பதால், பேசுபவர்கள் வழக்கமாகப் பேசுபவர்களாகவே இருந்துவிடுவதும் அதன் இயல்பு. குலுக்கல் மன்றம் கிராம சபைக்கு மாற்றாகாது. ஒரு நகராட்சியின் குப்பைக் கிடங்கை எங்கே அமைப்பது என்பது போல, எந்த உறுப்பினரும் தன் வார்டின் பெயரைச் சொல்லத் துணியாத கேள்விக்கு அதைத் துணையாக வைத்துப் பார்க்கலாம்.

அப்படி ஒரு மன்றம் இங்கோ வேறெங்கோ அறிவிக்கப்பட்டால் கேட்பதற்கு, உங்களிடம் நான்கு கேள்விகளை விட்டுச் செல்கிறேன். கேள்வியை எழுதியது யார், அதைப் பிரித்துக் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டா? யாருடைய பெயர்கள் குலுக்கலில் சேர்ந்தன, அன்றாடக் கூலிக்குப் போகிறவர் வர என்ன ஏற்பாடு? வல்லுநர்களைத் தேர்ந்தது யார், அவர்களின் பேச்சை எல்லோரும் பார்க்க முடியுமா? முடிவை அரசு எத்தனை நாளில், யார் முன் பதில் சொல்லி ஏற்கும் அல்லது மறுக்கும்? நான்குக்கும் எழுத்தில் விடை இருந்தால் அந்த மன்றத்துக்கு அழைப்பு வரும்போது தயங்காமல் போங்கள். விடை இல்லையென்றால், கூட்டத்தைத் தொடங்கும் முன்பே அவற்றைக் கேளுங்கள். கூடிப் பேசி முடிவெடுக்கும் உரிமையைக் காக்க முதலில் செய்ய வேண்டியது அதுதான்.